ஒரு கூடம், மூன்று பேர், ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழு: ஏழு நிமிடக் குறுநாடகம் எழுதும் முறை

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நேரும் குழப்பத்தை மேடைக்குக் கொண்டுவரும்போது பலரும் தவறாகப் படிக்கப்பட்ட ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, அது உடனே தெளிவாகிவிடாதபடி மூன்று பேரையும் வீணாகக் கத்தவிடுகிறார்கள். இரண்டாவது நிமிடத்திலேயே பார்வையாளர்கள் "போனை எடுத்துப் பார்த்தால் முடிந்துபோயிற்றே" என்று எண்ணத் தொடங்குவார்கள், அதன் பிறகு எத்தனை நகைச்சுவை வசனம் எழுதினாலும் பயனில்லை. ஆகவே இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு கதையை எடுத்துக்கொண்டு, குழப்பம் எப்படிப் பிறக்க வேண்டும், யாரால் வளர வேண்டும், எதனால் அது ஏழு நிமிடம் உடையாமல் நிற்கும் என்பதை வசனத்தோடு சேர்த்து விளக்குகிறேன். கதை கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டுக் கூடத்தில், வைகாசி மாதத்தில், பண்ருட்டிப் பலாப்பழம் வந்து குவியும் நாட்களில் நடக்கிறது.

முதல் படி: இரண்டு பேச்சும் ஒரு பதிலும்

குழுவில் ஒரே நேரத்தில் இரண்டு பேச்சுகள் ஓடும்போது, ஒன்றுக்கு எழுதிய பதில் இன்னொன்றின் கீழே போய் விழுவது எல்லாக் குடும்பங்களிலும் நடக்கிறது. நம் கதைக்கு அதுவே போதும். பண்ருட்டியில் இருக்கும் சேகர் மாமா முதலில் ஒரு பலாப்பழத்தின் படத்தை அனுப்பி, "நம்ம தோப்புக்காரர் கேக்கறார். சரின்னு சொல்லிடட்டா?" என்று எழுதுகிறார். சிறிது நேரம் கழித்து வில்லியனூரைச் சேர்ந்த ஒரு பையனின் படத்தை அனுப்பி, "நல்ல இடம். பேசிடலாமா?" என்று எழுதுகிறார். அக்காள் மகள் தேன்மொழி முதல் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பழம் வேண்டாம் என்று பதில் அனுப்புகிறாள். அந்தப் பதில் பையனின் படத்துக்குக் கீழே போய் நிற்கிறது.

பாத்திரங்கள் மூவர்: தேன்மொழி, அவளுடைய அம்மா கோமதி, கோமதியின் தம்பி சேகர். மேடையில் வாசல் கதவு ஒரு பக்கம், அடுக்களைக்குப் போகும் வழி மறுபக்கம், நடுவில் இரண்டு நாற்காலிகள், பின் மூலையில் போனைச் சார்ஜில் போடும் இடம். இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

பதிலின் சொற்களை மிகக் கவனமாக எழுத வேண்டும், ஏனெனில் நாடகம் முழுவதும் அந்த ஒரு பதிலின் மேல்தான் நிற்கப்போகிறது. நான் எழுதும் பதில் இது: "மாமா வேண்டாம் மாமா போன வருஷம் பட்டதே போதும் வெளியே பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு உள்ள ஒண்ணுமே சரியில்லை அம்மா சரின்னு சொன்னாலும் நீங்க வேண்டாம்னு சொல்லிடுங்க." போன வருடம் வந்த பழம் உள்ளே அழுகியிருந்தது, போன வருடம் வந்த ஒரு வரனும் கைகூடவில்லை. இந்த இரண்டாவது செய்தியைக் கோமதியின் வாயால் ஒரே வரியில் சொல்லவைத்தால் போதும்: "போன வருஷம் வந்த இடத்தை இவ இன்னும் மனசுல வெச்சிருக்கா." அந்த வரி வந்துவிட்டால் கோமதியின் தவறான புரிதலுக்கு ஒரு தாயின் கவலை அடிப்படையாக அமைந்துவிடும், அவளை அவசரக்காரி என்று யாரும் ஒதுக்க மாட்டார்கள்.

இரண்டாம் படி: செய்தியைப் பார்வையாளர் காதுக்குக் கொண்டுவருதல்

போன் திரையில் இருப்பது மூன்றாவது வரிசைக்குத் தெரியாது. அட்டையில் எழுதிக் காட்டலாம், பின்னால் திரை கட்டிப் படமாகவும் காட்டலாம். ஆனால் திரை இருந்தால் பார்வையாளர்களின் கண் நடிகர்களை விட்டு அங்கே போய்விடுகிறது, பள்ளி அரங்கிலும் தெருவிழா மேடையிலும் மின்சாரத்தையும் கருவியையும் நம்ப வேண்டியிருக்கிறது. ஆகவே பாத்திரம் சத்தமாகச் சொல்வதற்கு இயல்பான ஒரு காரணத்தைக் கதைக்குள்ளேயே வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இங்கே அந்தக் காரணம் மருதாணி. திரை விலகும்போது தேன்மொழியின் இடது கையில் மருதாணி இருக்கிறது, வலது கையால் போனைப் பிடித்திருக்கிறாள். ஒரு கையால் எழுத முடியாததால் குரலால் பேசித் தட்டச்சு செய்கிறாள். பதில் முழுவதும் எல்லோருக்கும் கேட்கிறது. குரல்வழித் தட்டச்சில் பெரும்பாலும் நிறுத்தக்குறிகள் விழுவதில்லை, ஆகவே பிறகு கோமதி அதை ஒரே மூச்சில் படிப்பதும் பொருத்தமாக இருக்கும். பேசுவதற்கு முன் அவள் படத்தைப் பார்த்து, "மறுபடியும் பலாப்பழமா மாமா?" என்று அலுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வரியை விட்டுவிட்டால் பார்வையாளர்களும் கோமதியோடு சேர்ந்து குழம்பிப்போவார்கள். உண்மை அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், மேடையில் உள்ளவர்களுக்குத் தெரியக் கூடாது.

அடுத்து வருவதை ஒத்திகையில் நொடிக் கணக்கில் பழக வேண்டும். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே போனில் ஒரு ஒலி கேட்கிறது, பையனின் படம் வந்துவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. மருதாணி பாவாடையில் சொட்டப்போகிறது, அவள் கண் துணியைத் தேடுகிறது, விரல் மட்டும் அனுப்பும் பொத்தானைத் தொடுகிறது. போனைக் குப்புறக் கவிழ்த்துச் சார்ஜில் போட்டுவிட்டு வலது கையிலும் மருதாணி வைக்கத் தொடங்குகிறாள். ஒலி முதலில், அனுப்புவது பிறகு என்ற வரிசை மாறினால் கதையே பொய்யாகிவிடும். இரண்டு கையிலும் மருதாணி இருப்பதால் அவள் ஏன் போனைத் தொடவில்லை என்ற கேள்விக்கும் இதிலேயே விடை கிடைக்கிறது.

கோமதியை "நீலக்குறி விழுந்திருக்கே, பார்த்துட்டுத்தானே எழுதியிருக்கே" என்று மட்டும் பேசவைக்காதீர்கள். குழுவில் எல்லோரும் படித்த பிறகுதான் அந்தக் குறிகள் நீலமாக மாறும், அதுவும் படத்தை அனுப்பிய சேகரின் போனில்தான் தெரியும், கோமதியின் போனில் தெரியாது. குழுவைத் தினமும் பயன்படுத்தும் பார்வையாளர்கள் இந்தப் பிழையை உடனே பிடித்துக்கொள்வார்கள்.

மூன்றாம் படி: இரண்டுக்கும் பொருந்தும் வசனம்

தமிழில் எழுதுபவருக்கு இங்கேதான் உண்மையான வேலை இருக்கிறது. நம் மொழியில் எழுவாயையும் செயப்படுபொருளையும் சொல்லாமலே பேச முடியும், அது நமக்கு உதவி. ஆனால் வினைமுற்று உயர்திணையா அஃறிணையா என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். "வந்திருக்கார்" என்றால் பையன், "வந்திருக்கு" என்றால் பழம். "கூட்டி வா" என்றால் ஆள், "கொண்டு வா" என்றால் பொருள். இப்படி ஒரு வினை தவறிப்போய் விழுந்தால் குழப்பம் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

ஆகவே திணையைக் காட்டாத வடிவங்களை நாட வேண்டும். வேண்டாம், முடியாது, போதும், ஆச்சு, சொல்லலாம், பார்க்கலாம் போன்றவை எதற்கும் பொருந்தும். "பிடிச்சிருக்கு" என்பது இன்னும் பயனுள்ளது, ஏனெனில் பிடித்தது ஆளாக இருந்தாலும் பொருளாக இருந்தாலும் அந்தச் சொல் மாறுவதில்லை. பேச்சுவழக்கில் இன்னொரு இடமும் கிடைக்கிறது. "நல்ல புள்ள, படிச்சிருக்கு" என்று இளையவர்களை நாம் அன்போடு அஃறிணையில் சொல்வதுண்டு. அதைக் கோமதியின் வாயில் மட்டும், ஓரிரு இடங்களில் வையுங்கள்.

பெயர்ச்சொல்லை மறைப்பதற்கும் காரணம் வேண்டும். பழம், மாப்பிள்ளை என்ற இரண்டு சொற்களும் இரண்டாவது நிமிடத்திலிருந்து முடிவு வரை மேடையில் ஒலிக்கக் கூடாது, ஆனால் நடிகர் வேண்டுமென்றே விழுங்குவது போலவும் தெரியக் கூடாது. கோமதியிடம் இதற்கு நல்ல காரணம் இருக்கிறது: எதுவும் முடிவாகாமல் வரன் பேச்சு தெருவுக்குப் போகக் கூடாது என்பதால், திறந்திருக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்துகிறாள். தேன்மொழிக்கு "மாமா அனுப்பினது" என்றாலே போதும்.

அம்மாவும் மகளும் பேசும் முதல் பகுதியை இப்படி எழுதலாம்:

கோமதி: மாமா அனுப்பினதைப் பார்த்தியா?
தேன்மொழி: பார்த்தேன். பதிலும் போட்டாச்சு.
கோமதி: அதையும் படிச்சேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?
தேன்மொழி: இதுல கேக்க என்னம்மா இருக்கு? கடைசியில மல்லாடப்போறது நான்தானே.
கோமதி: மல்லாடறதா? கொஞ்சம் அனுசரிச்சுப் போனா எல்லாம் சரியாயிடும்.
தேன்மொழி: போன வருஷமும் இதையேதான் சொன்ன. தெரு முழுக்கத் தெரிஞ்சுபோய், வீடு வீடாப் பதில் சொன்னது யாரு? நான்தானே?

அழுகிய சுளைகளைப் பக்கத்து வீடுகளுக்குப் பங்கு வைத்ததைத்தான் தேன்மொழி சொல்கிறாள். கோமதிக்கோ நின்றுபோன வரன் நினைவுக்கு வருகிறது, கண் கலங்குகிறது. இந்தப் பகுதியில் பெரிய சிரிப்பை எதிர்பார்க்க வேண்டாம். கோமதி உண்மையாகவே வருந்தினால்தான் அடுத்த பகுதி உயரும்.

நான்காம் படி: மூன்றாமவரை இரண்டு முறை தவறவிடுதல்

சேகரிடம்தான் எழுதுபவர் பெரும்பாலும் தடுமாறுகிறார். அவர் இரண்டு படத்தையும் அனுப்பியவர், அதனால் ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் தீர்த்துவிடக்கூடியவர். அவரைச் சமாதானம் செய்பவராக ஆக்கினால் நாடகம் நான்காவது நிமிடத்தில் முடிந்துவிடும். எனவே அவரும் தவற வேண்டும், அதுவும் குறுக்காகத் தவற வேண்டும்: அக்காள் வரனைப் பேசும்போது அவர் பழத்தை நினைக்கிறார், மருமகள் பழத்தைப் பேசும்போது வரனை நினைக்கிறார். பண்ருட்டியிலிருந்து பேருந்தில் நின்றுகொண்டே வந்தவர் என்பதால் குழுவில் வந்த பதிலை அவர் பார்க்கவில்லை. பதிலுக்குக் காத்திராமல் தோப்பிலேயே பழத்தை எடுத்துச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். சாக்கு வாசலுக்கு வெளியே இருக்கிறது, பார்வையாளர்களுக்கு அதன் ஒரு முனை மட்டும் தெரிகிறது.

சேகர்: அக்கா, போட்டோ பார்த்தியா? எப்படி?
கோமதி: எனக்குப் பிடிச்சிருக்குடா. அவதான் வேண்டாம்னுட்டா.
சேகர்: வேண்டாமா? வாசல் வரைக்கும் வந்தாச்சேக்கா!
கோமதி: (பதறி) வாசல்லயா? முன்னாடியே சொல்ல மாட்டியா? வீடு கிடக்கிற கிடையில!
சேகர்: வீட்டுக்கென்ன? மூலையில ஒரு சாக்கை விரிச்சாப் போதும்.
கோமதி: சாக்கா? நாற்காலி எதுக்குடா இருக்கு?
சேகர்: நாற்காலி தாங்காதுக்கா.
கோமதி: (யோசித்து) போட்டோவுல அப்படித் தெரியலையே…
சேகர்: தோப்புலயே தட்டிப் பார்த்துட்டேன். சத்தம் பிரமாதம்.
கோமதி: தட்டினியா!
சேகர்: நான் மட்டுமா? மூணு பேர் தட்டினோம்.

இந்த வரிகளின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் வருவது முழுவதும் நம்பக்கூடியது, பிறகு வருவது சற்றே விநோதமானது, கடைசியில் வருவது வரனுக்குப் பொருந்தவே பொருந்தாதது. பழுத்த பலாவைத் தட்டினால் பொத்தென்று ஒரு வெற்றொலி கேட்கும், முள் அகன்று விரிந்திருக்கும், வாசனை வெளியே வரும். பழத்தைச் சோதிக்கும் இந்த உண்மையான வழிகள்தான் நமக்கு வசனமாக அமைகின்றன, இட்டுக்கட்டிய சிலேடை எதுவும் தேவைப்படவில்லை. "தட்டினோம்" என்ற வரியை "பிடிச்சிருக்கு" என்பதற்கு அடுத்தபடியாகவே வைத்தால் கோமதி அந்த நொடியில் உண்மையைக் கண்டுபிடித்தாக வேண்டும், கண்டுபிடிக்காவிட்டால் அவள் முட்டாளாகத் தெரிவாள். பிந்தி வரும்போது அவள் ஏற்கெனவே வாசலில் விருந்தினர் நிற்கிறார் என்ற பதற்றத்தில் இருக்கிறாள், கேட்பதை எடைபோட அவளுக்கு நேரமில்லை. ஆகவே இந்த வரி முடிந்த உடனே அவளை உள்ளே அனுப்பிவிடுங்கள். புடவை மாற்றவும் காபி போடவும் அவள் ஓடுகிறாள்.

இப்போது கூடத்தில் சேகரும் தேன்மொழியும் மட்டும். பழத்தின் பேச்சு அக்காளோடு முடிந்துவிட்டது என்று சேகர் எண்ணுகிறார். எதிரே கை நிறைய மருதாணியோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், ஆகவே வரனைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று அவர் எடுத்துக்கொள்வது இயல்பு.

தேன்மொழி: அம்மா ஆசைப்படுதுன்னு நீங்களும் கூடச் சேராதீங்க மாமா. கஷ்டப்படப்போறது நான்.
சேகர்: (மென்மையாக) நல்ல இடம்மா. நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டேன்.
தேன்மொழி: இடம் நல்ல இடம்தான். உள்ள எப்படின்னு யாருக்குத் தெரியும்?
சேகர்: அதுக்குத்தான் ஒரு தடவை நேர்ல பார்த்துடுன்னு சொல்றேன்.
தேன்மொழி: வெறுமனே பார்த்து என்ன பண்றது? வெட்டிட வேண்டியதுதான்.
சேகர்: (பின்வாங்கி) வெட்டறதா?
தேன்மொழி: (உள்ளே பார்த்து) அம்மா, அரிவாமனையை எடுத்துட்டு வா! எண்ணெயும் வேணும்!

பலாப்பால் ஒட்டாமல் இருக்கக் கையிலும் அரிவாமனையிலும் எண்ணெய் தடவிக்கொள்வது எல்லா வீட்டுக்கும் தெரிந்தது என்பதால், "எண்ணெயும் வேணும்" என்ற சொல்லுக்கு இந்தப் பக்கத்தில் பெரிய சிரிப்பு கிடைக்கும். பலா அறுத்துப் பழகாத ஊரில் நடிப்பதாக இருந்தால் அந்த இரண்டு சொற்களை விட்டுவிடலாம்.

ஐந்தாம் படி: அவிழ்ப்பு

கோமதி பட்டுப்புடவையில், கையில் காபித் தட்டோடு வருகிறாள். தட்டில் நான்கு டம்ளர்கள் இருக்க வேண்டும், வீட்டில் இருப்பவர்கள் மூன்று பேர். யாரும் அதைச் சொல்லத் தேவையில்லை. அவள் வாசலைப் பார்த்து, "உள்ள வரச் சொல்லுடா" என்கிறாள். சேகர் வெளியே போய்ச் சாக்கை இழுத்துக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் வைத்து, வாயைப் பிரிக்கிறார். இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லால் உடைப்பதைவிடப் பொருளால் உடைப்பது நல்லது. பழம் வெளியே தெரிந்ததும் மூவரும் ஐந்து நொடி அசையாமல் நிற்க வேண்டும். சிரிப்பு அடங்கும் முன் யாராவது பேசினால் அடுத்த வரி காதில் விழாது.

பிறகு விளக்கவுரை வேண்டாம். "நீ அதை நினைச்சியா, நான் இதை நினைச்சேன்" என்று மூவரும் மாறி மாறிச் சொல்வதுதான் இத்தகைய நாடகங்களைக் கடைசி நிமிடத்தில் தொய்வாக்குகிறது, ஏனெனில் பார்வையாளர்களுக்கு அது முதலிலிருந்தே தெரியும். கோமதி தன் போனைத் தேன்மொழியின் முகத்துக்கு நேரே நீட்டினால் போதும். தேன்மொழி பையனின் படத்தை முதல் முறையாகப் பார்க்கிறாள்.

இந்த இடத்தில் ஒரு உண்மையான கேள்வி மிஞ்சி நிற்கிறது. குழப்பம் தீர்ந்தாலும் வரனுக்கு அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. அவளைச் சம்மதிக்கவைத்து மங்கலமாக முடிக்க எனக்கு மனமில்லை. ஒரு நிமிடம் முன்பு வரை தெரியாத ஒருவரைப் பற்றி அவள் அப்படித் தலையாட்டுவது பொருந்தாது. ஆகவே இப்படி முடிக்கிறேன்:

கோமதி: என்னடி சொல்ற?
தேன்மொழி: (படத்தையும் சாக்கையும் பார்த்து) ரெண்டு நாள் போகட்டும்மா.
சேகர்: எதுக்கு?
(தேன்மொழி பதில் சொல்லாமல் சிரிக்கிறாள். விளக்கு அணைகிறது.)

ஆறாம் படி: ஒத்திகைக்கு முன் ஒரு சோதனை

எழுதி முடித்ததும், கதை தெரியாத இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவரிடம் இது பழத்தைப் பற்றிய பேச்சு என்றும், மற்றவரிடம் இது வரன் பேச்சு என்றும் சொல்லி, நடுப்பகுதி வசனங்களை மட்டும் கொடுத்துப் பொருந்தாத வரிகளின் கீழே கோடு போடச் சொல்லுங்கள். முதல் பாதியில் கோடு விழுந்தால் அந்த வினையை மாற்ற வேண்டும். பிற்பாதியில் வரன் பக்கத்தில் மட்டும் கோடுகள் கூடிக்கொண்டே போனால் ஏற்றம் சரியாக அமைந்திருக்கிறது. இரண்டு தாளிலும் கோடு விழுந்த வரி எதற்கும் பயன்படாது, நீக்கிவிடலாம்.

நேரத்தைச் சத்தமாகப் படித்து அளக்க வேண்டும், மனத்துக்குள் படித்தால் எப்போதும் குறைவாகவே தெரியும். தொடக்கத்துக்கு ஒரு நிமிடம், அம்மாவும் மகளும் பேசும் பகுதிக்கு ஒன்றரை, கோமதியும் சேகரும் பேசும் பகுதிக்கு இரண்டு, சேகரும் தேன்மொழியும் பேசும் பகுதிக்கு ஒன்றரை, முடிவுக்கு ஒன்று என்று வைத்தால் ஏழு நிமிடத்தில் அடங்கும். மேலே கொடுத்தவை ஒவ்வொரு பகுதியின் முதுகெலும்பான வரிகள் மட்டுமே, இடையில் நடிகர்களின் அசைவுக்கும் சிரிப்புக்கும் சில வரிகளுக்கும் இடம் இருக்கிறது. நேரம் மீறினால் அம்மா–மகள் பகுதியில் குறைக்கலாம், போன வருட வரி மட்டும் இருக்க வேண்டும்.

பழம் உண்மையானதாக இருந்தால் நல்லது. பெரிய பலாவைச் சேகராக நடிப்பவர் ஒத்திகையில் திரும்பத் திரும்ப இழுக்க முடியாது, ஆகவே ஒத்திகைக்குத் துணி அடைத்த சாக்கும், நாடகத்தன்று சற்றுச் சிறிய பழமும் போதும். முற்றிய காயாகப் பார்த்து வாங்குங்கள். நன்கு பழுத்ததாக இருந்தால் சாக்கைப் பிரிப்பதற்கு முன்பே முன்வரிசைக்கு வாசனை போய்ச் சேர்ந்துவிடும்.